முற்றுரிமையாளருக்கு எந்த வரி: பாக்கெட்டுக்கு இவ்வளவா, விலையில் இத்தனை சதவீதமா?

இலங்கையில் சட்டப்படி சிகரெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுதான்: சிலோன் டொபாக்கோ கம்பெனி. அதன் சிகரெட்டுகளுக்கான கலால் வரி, சிகரெட்டின் நீளத்தைப் பார்த்து ஆயிரம் சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என்று போடப்படுகிறது. கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. இதற்கு மேல் பெறுமதி சேர் வரியும் உண்டு. அது விலையில் ஒரு சதவீதம். ஆக, ஒரே முற்றுரிமையாளர்மீது இரண்டு வகை வரிகளும் சேர்ந்தே நிற்கின்றன. எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று நிதியமைச்சு யோசிக்கும்போது விலை, உற்பத்தி, வரி வருவாய் மூன்றும் எப்படி நகரும் என்பதே இங்கு கேள்வி.

எண்ணிக்கைப்படி போடும் வரியை அலகு வரி என்றும், விலையில் சதவீதமாகப் போடும் வரியை மதிப்பு வரி என்றும் வைத்துக்கொள்வோம். போட்டி நிறைந்த சந்தையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. விலை 50 ரூபாயாக இருக்கும் இடத்தில் 10 ரூபாய் வரியும் 20% வரியும் ஒரே வேலையைத்தான் செய்யும். விலையைத் தானே வைக்கும் முற்றுரிமையாளரிடம் மட்டும் இந்தச் சமன் உடைந்துபோகிறது. அதற்கான நிரூபணத்தை 1953இல் பொருளியலாளர்கள் டேனியல் சூட்ஸும் ரிச்சர்ட் மஸ்கிரேவும் எழுதினார்கள். ஆனால் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அலகு வரிக்கான படம் மட்டுமே வரும். மதிப்பு வரி அடிக்குறிப்பாக முடிந்துவிடும். நடைமுறையில் பணம் கைமாறுவது அந்த அடிக்குறிப்பில்தான்.

ஒரு கணக்கு

எளிமைக்காக எண்களை நாமே எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு விற்கும் பாக்கெட்டுகளை Q என்று லட்சத்தில் எண்ணுகிறோம். P என்பது கடையில் வாங்குபவர் தரும் விலை, ரூபாயில். ஒரு பாக்கெட் கூடுதலாகத் தயாரிக்க ஆகும் இறுதிநிலைச் செலவு c, 20 ரூபாய். MR என்பது இறுதிநிலை வருவாய், ஒரு பாக்கெட் கூடுதலாக விற்கும்போது மொத்த வருவாயில் கூடுவது. எந்த விலைக்கு எவ்வளவு விற்கும் என்பதைச் சொல்லும் P = 100 − Q என்பதே தேவைக் கோடு.

```
P  = 100 − Q
MR = 100 − 2Q
c  = 20
```

வரியே இல்லாதபோது முற்றுரிமையாளர் MR = 20 ஆகும் இடத்தில் நிற்பார். Q = 40, P = 60, லாபம் 40 × 40 = 1600 லட்சம் ரூபாய். இனி வரும் வருவாய், லாபம் எல்லாமே லட்சம் ரூபாயில்தான்.

பாக்கெட்டுக்கு 20 ரூபாய் அலகு வரி போடுகிறோம். கம்பெனியின் பார்வையில் இது செலவு 20இலிருந்து 40 ஆனதுபோலத்தான். MR = 40 என்றால் Q = 30, P = 70. அரசுக்கு 20 × 30 = 600. கம்பெனிக்கு (70 − 40) × 30 = 900. 20 ரூபாய் வரியில் வாங்குபவர்மீது விலையாக ஏறியது 10 ரூபாய்தான் என்பதைக் கவனிக்கவும். தேவைக் கோடு நேர்கோடாக இருந்து இறுதிநிலைச் செலவும் மாறாமல் இருந்தால் முற்றுரிமையில் பாதி வரிதான் விலையில் ஏறும்.

இப்போது இதே 70 ரூபாய் விலையையும் 30 லட்சம் பாக்கெட்டையும் தரும் மதிப்பு வரி எது? வரி விகிதத்தை τ என்று வைத்தால், வாங்குபவர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் கம்பெனிக்கு (1 − τ) மட்டுமே மிஞ்சும். ஆகவே கம்பெனி MR = c/(1 − τ) என்ற இடத்தில் நிற்கும். அது 40 ஆக வேண்டுமென்றால் 20/(1 − τ) = 40, அதாவது τ = 50%.

விலை 70, அளவு 30. வாங்குபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அரசுக்கு வருவது பாக்கெட்டுக்கு 35 ரூபாய், மொத்தம் 1050. கம்பெனிக்கு (35 − 20) × 30 = 450. அலகு வரியில் 600 வாங்கிய அரசு, ஒரு பாக்கெட்கூட விற்பனை குறையாமல் 450 கூடுதலாக வாங்கிவிட்டது. அந்த 450 முழுவதும் கம்பெனியின் லாபத்திலிருந்து வந்தது.

கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது

மதிப்பு வரிக்குப் பிறகு கம்பெனியின் லாபத்தை இரண்டு விதமாக எழுதலாம். இரண்டும் ஒன்றே:

```
(1 − τ)·P·Q − c·Q  =  (1 − τ)·[ P − c − τc/(1 − τ) ]·Q
```

வலப்பக்கத்தில் அடைப்புக்குள் இருப்பது τc/(1 − τ) என்ற அலகு வரியைக் கட்டும் கம்பெனியின் லாபம். அதற்கு வெளியே (1 − τ) நிற்கிறது. அது அந்த லாபத்தின்மீதான τ விகித லாப வரி. மதிப்பு வரி என்பது ஓர் அலகு வரியும் ஒரு லாப வரியும் சேர்ந்த பொட்டலம். நம் கணக்கில் 50% என்பது 20 ரூபாய் அலகு வரி, அதன்பின் மிஞ்சும் 900 லாபத்தில் பாதி. 900இல் பாதி 450. மேலே வந்த எண்ணும் அதுவே.

லாப வரிப் பகுதி விலையைத் தொடுவதில்லை. லாபத்தில் பாதி போகிறது என்பதற்காக லாபம் உச்சமாகும் விலை மாறிவிடாது. விலையை ஏற்றுவது அலகு வரிப் பகுதி மட்டுமே. மதிப்பு வரி அதே விலையில் அதிக வருவாய் தருவதற்கு இதுவே முழுக் காரணம். போட்டிச் சந்தையில் அந்த மிகை லாபமே இல்லை என்பதால் அங்கே இரண்டு வரிகளும் சமம். முற்றுரிமையின் பிடி இறுக இறுக இடைவெளி விரியும்.

இதிலிருந்து ஒரு கிளைச் செய்தி: இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்டச் சுழியாக உள்ள பொருள்களில் (மென்பொருள் உரிமம், இணையச் சந்தா) τc/(1 − τ) என்ற பகுதியே சுழியாகிவிடும். அங்கே மதிப்பு வரி தூய லாப வரி. கோட்பாட்டுப்படி விலை அசையக் கூடாது. 'வரி ஏறியதால் விலையை ஏற்றினோம்' என்று அப்படி ஒரு முற்றுரிமையாளர் சொன்னால், அந்தக் காரணத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

கம்பெனிக்கும் நல்லதா?

மேலே பார்த்தது விலையைச் சமமாக வைத்த ஒப்பீடு. அதைப் பார்க்கும் எந்தக் கம்பெனியும் மதிப்பு வரியை எதிர்த்து மனு கொடுக்கும். ஆனால் ஒப்பீட்டின் அளவுகோலை மாற்றினால் கதை திரும்புகிறது.

அலகு வரி 20 ரூபாய் இருக்கும்போது விலை 70. அதாவது இன்றைய விலையில் வரியின் பங்கு 20/70, 28.57%. அமைச்சு அலகு வரியை எடுத்துவிட்டு, அதே 28.57% பங்கை மதிப்பு வரியாக வைக்கிறது என்று கொள்வோம். இன்றைய விலையில் ஒரு பாக்கெட்டுக்கான வரி ஒரு பைசாகூட மாறவில்லை. (வரிக்கு முந்தைய விலையின்மேல் 40% என்று போட்டாலும் 40/140 = 28.57%தான். இந்தியாவில் 2025 செப்டம்பரில் வந்த 40% ஜிஎஸ்டி விகிதம் முற்றுரிமையாளருக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் இதே எண்ணைப் பயன்படுத்தலாம்.)

கம்பெனி இப்போது எங்கே போய் நிற்கும்? 20/(1 − 0.2857) = 28. MR = 28 என்றால் Q = 36, P = 64. அரசுக்கு 64 × 36 × 0.2857 = 658. கம்பெனிக்கு (45.71 − 20) × 36 = 926.

விலை 70இலிருந்து 64ஆக இறங்குகிறது. அரசின் வருவாய் 600இலிருந்து 658ஆக ஏறுகிறது. கம்பெனியின் லாபமும் 900இலிருந்து 926ஆக ஏறுகிறது. மூன்று தரப்புக்கும் லாபம், யாருக்கும் நட்டமில்லை. இது எண்களின் தற்செயல் அல்ல. முற்றுரிமையில் எந்த அலகு வரிக்கும் பதிலாக எல்லாத் தரப்பையும் மேம்படுத்தும் ஒரு மதிப்பு வரியைக் காண முடியும் என்று 1994இல் ஸ்கீத், ட்ராண்டல் ஆகிய இருவரும் பொதுவாகவே நிறுவினார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை ஒரு லட்சம் பாக்கெட் அளவில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கம்பெனி 30 லட்சம் பாக்கெட்டை 70க்கு விற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு லட்சம் விற்க வேண்டுமென்றால் விலையை 69ஆகக் குறைக்க வேண்டும். புதிய பாக்கெட்டில் 69 வரும், பழைய 30இல் தலைக்கு 1 ரூபாய் போகும், நிகரமாக 39. அலகு வரி இருக்கும்போது இந்த 39க்கு எதிரே செலவு 20, வரி 20, ஆக 40. கட்டுப்படியாகாது, கம்பெனி 30இலேயே நிற்கும். மதிப்பு வரி 28.57% இருக்கும்போது 39இல் ஏழில் ஐந்து பங்கு, 27.86 ரூபாய் கைக்கு வரும். எதிரே செலவு 20 மட்டும். விற்பது லாபம். விலையைக் குறைப்பதால் பழைய 30இல் ஏற்படும் இழப்பில் ஒரு பங்கை அரசும் சேர்ந்து சுமக்கிறது. அலகு வரியில் அந்த இழப்பு முழுவதும் கம்பெனியின் தலையில்.

ஆகவே கம்பெனி எந்த வரியைக் கேட்கிறது என்பது, பேச்சுவார்த்தை எதை நிலையாக வைத்து நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 'விலை மாறக் கூடாது' என்று அமைச்சு தொடங்கினால் கம்பெனி அலகு வரியைப் பிடித்துக்கொள்ளும். 'எங்களுக்கு 600 வந்தால் போதும்' என்று தொடங்கினால் மதிப்பு வரியைக் கேட்கும். அமைச்சு மேசையில் இந்த இரண்டையும் கலந்து பேசுவதுதான் வழக்கமான குழப்பம்.

எவ்வளவு தூரம் ஏற்றலாம்

வருவாய் மட்டுமே நோக்கம் என்றால் ஒவ்வொரு வரியின் உச்சம் எங்கே? அலகு வரி t என்றால் Q = (80 − t)/2, வருவாய் t(80 − t)/2. இது t = 40இல் உச்சம். மதிப்பு வரியில் வருவாய் τ × (2500 − 100/(1 − τ)²). இது சரியாக 60%இல் உச்சம் தொடுகிறது. எல்லாவற்றையும் அருகருகே வைத்தால்:

| வரி | விலை | அளவு | வரி வருவாய் | கம்பெனி லாபம் |
|---|---|---|---|---|
| வரி இல்லை | 60 | 40 | 0 | 1600 |
| அலகு, 20 ரூ. | 70 | 30 | 600 | 900 |
| மதிப்பு, 28.57% | 64 | 36 | 658 | 926 |
| மதிப்பு, 50% | 70 | 30 | 1050 | 450 |
| அலகு, 40 ரூ. (உச்சம்) | 80 | 20 | 800 | 400 |
| மதிப்பு, 60% (உச்சம்) | 75 | 25 | 1125 | 250 |

கடைசி இரண்டு வரிசைகளைப் பாருங்கள். அலகு வரியை எவ்வளவுதான் முறுக்கினாலும் 800க்கு மேல் வராது. அதற்கே விலை 80ஆகி விற்பனை பாதியாகிவிடுகிறது. மதிப்பு வரி 50%லேயே அதைத் தாண்டிவிட்டது. அதேசமயம் 50%இலிருந்து 60%க்குப் போக வருவாய் 75தான் கூடுகிறது; விலை 5 ரூபாய் ஏறுகிறது. உச்சத்தின் அருகே வரி ஏற்றுவது பெரும்பாலும் வீண். கள்ளச் சிகரெட் புழங்கும் நாட்டில், கணக்கில் வராத அந்தச் சந்தையும் சேரும்போது உண்மையான உச்சம் இதைவிடக் கீழேதான் இருக்கும்.

தேவைக் கோடு நேர்கோடாக இல்லாவிட்டாலும் இந்த வரிசை மாறாது. தேவை நெகிழ்ச்சி எங்கும் 2, அதாவது விலை 1% ஏறினால் விற்பனை 2% குறையும் என்று வைத்தால் கம்பெனி இறுதிநிலைச் செலவின் இரு மடங்கை விலையாக வைக்கும்: வரியில்லாமல் 40, 20 ரூபாய் அலகு வரியில் 80. வரியைவிட இரு மடங்கு விலை ஏறுகிறது! 50% மதிப்பு வரியிலும் விலை அதே 80. ஆனால் அரசுக்குப் பாக்கெட்டுக்கு 20க்குப் பதில் 40. விலை எவ்வளவு ஏறும் என்பதைத் தேவைக் கோட்டின் வடிவம் தீர்மானிக்கும். அதே விலையில் எந்த வரி அதிகம் தரும் என்பதை அது தீர்மானிக்காது.

பட்டியல் விலை எனும் ஓட்டை

இவ்வளவு தெளிவாக மதிப்பு வரி வெல்கிறது என்றால் உலகில் பல நாடுகள் புகையிலையில் அலகு வரிக்குப் போனது ஏன்? இந்தியா 1987இல் சிகரெட் கலால் வரியை மதிப்பு அடிப்படையிலிருந்து நீளம் சார்ந்த அலகு வரிக்கு மாற்றியது. பிலிப்பைன்ஸ் 1997 முதல் குடியரசுச் சட்டம் 8240 வழியாக அப்படியே செய்தது. இரண்டு இடங்களிலும் பிரச்சினை ஒன்றுதான்: எந்த விலையின்மீது சதவீதம்?

வரியைத் தொழிற்சாலை வாசலில், பட்டியல் விலையின்மீது போடும்போது கம்பெனி தனக்கே ஒரு விநியோக நிறுவனம் தொடங்கிக்கொள்ளும். தொழிற்சாலை அந்த நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் விற்கும். வரி அந்தக் குறைந்த விலையில் மட்டும். விநியோக நிறுவனம் கடைக்கு உண்மை விலையில் விற்று லாபத்தை வைத்துக்கொள்ளும்.

நம் எண்களில் இது எவ்வளவு தூரம் போகும்? 50% வரி. நட்டம் காட்டாமல் தொழிற்சாலை போடக்கூடிய மிகக் குறைந்த பட்டியல் விலை 40: அதில் 20 வரி, 20 செலவு, லாபம் சுழி. இப்போது பாக்கெட்டுக்கு 20 ரூபாய் என்று வரி உறைந்துவிட்டது. கடை விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. அதாவது மதிப்பு வரி, அலகு வரியாக உருமாறிவிட்டது. Q = 30, P = 70, அரசுக்கு 600. வர வேண்டிய 1050 வரவில்லை. 900 லாபம் முழுவதும் விநியோக நிறுவனத்தின் புத்தகத்தில்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏமாற்று முழுமையாக நடந்தாலும் அரசு வந்து நிற்பது அதே விலையைத் தரும் அலகு வரியின் வருவாயில்தான். அதற்குக் கீழே போவதற்குத் தொழிற்சாலை வெளிப்படையாக நட்டம் காட்ட வேண்டும். 'ஏமாற்றுவார்கள், ஆகவே அலகு வரியே மேல்' என்ற வாதத்தை இது பாதியாக்குகிறது. மீதிப் பாதி, வழக்குச் செலவும் ஆண்டுக்கணக்கில் தொங்கும் தொகையும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. பட்டியல் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள விகிதத்தை மாதாமாதம் பார்த்தால் போதும். 40/70 என்றால் 57%. விநியோகத்துக்கும் கடைக்கும் நியாயமான பங்கு போக 80, 85 என்று நிற்க வேண்டிய விகிதம் இப்படிச் சரிந்தால், தொழிற்சாலையின் லாபம் மெலிந்து விநியோக நிறுவனம் கொழுக்கிறது என்று அர்த்தம். தடுக்கும் வழி, பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையின்மீதே வரியைப் போடுவது. இந்திய மத்தியக் கலால் சட்டத்தில் 1997இல் சேர்ந்த 4A பிரிவு பல பொருள்களுக்கு இப்படித்தான் செய்தது. அப்போது மிஞ்சும் ஓட்டை, அச்சிட்டதைவிடக் கூடுதலாகக் கடையில் விற்பது. அதைக் கடைத்தெருவில் நாலு பாக்கெட் வாங்கிப் பார்த்தே சோதித்துவிடலாம்.

பணவீக்கம் அலகு வரியைத் தின்னும் விதம்

இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8%. அலகு வரியை அரசிதழில் மாற்றும்வரை அது பழைய ரூபாயிலேயே நிற்கும்.

நம் கணக்கில் எல்லா விலைகளும் 70% ஏறுகின்றன, 20 ரூபாய் வரி மட்டும் அப்படியே இருக்கிறது என்று கொள்வோம். பழைய ரூபாயில் வரி 11.76ஆகச் சுருங்குகிறது. Q = 34.1. அரசுக்கு வருவது புதிய ரூபாயில் 682. 600இலிருந்து 682, அறிக்கையில் வளர்ச்சி என்று எழுதலாம். பழைய ரூபாயில் அது 401. உண்மை வருவாயில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, சிகரெட் விற்பனையும் கூடிவிட்டது. கடை விலை 112. அதில் வரியின் பங்கு 28.6%இலிருந்து 17.9%ஆக இறங்கியிருக்கும். மொத்த வருவாயைப் பார்க்காமல் இந்தப் பங்கைப் பார்த்தால்தான் கரைசல் கண்ணில் படும்.

மதிப்பு வரியில் இந்தச் சிக்கலே எழாது. அலகு வரியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் விலைச் சுட்டெண்ணோடு தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆண்டுதோறும் அமைச்சர் அறிவிப்பார் என்று விட்டால், தேர்தல் ஆண்டில் அறிவிப்பு வராது.

அலகு வரி வெல்லும் இடம்

மேலே ஒரே பொருள், ஒரே விலை என்று வைத்தோம். நடைமுறையில் முற்றுரிமையாளரிடம் மலிவு ரகமும் உண்டு, உயர் ரகமும் உண்டு. 40 ரூபாய் ரகமும் 100 ரூபாய் ரகமும் இருந்தால் 50% வரி ஒன்றில் 20, மற்றதில் 50. உயர் ரகத்தைப் புகைப்பவர், விலை ஏறியதும் மலிவு ரகத்துக்கு இறங்கிவிடலாம், புகைப்பது குறையாது. இரண்டுக்கும் 35 என்று அலகு வரி போட்டால் மலிவு ரகத்தின் விலை அதிகம் ஏறும், இறங்கித் தப்பிக்கும் வழி குறுகும். உலக சுகாதார நிறுவனம் புகையிலைக்கு அலகு வரியை, அல்லது அலகு வரி மேலோங்கிய கலவையைப் பரிந்துரைப்பதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. பொது சுகாதாரம்தான் முதல் நோக்கம் என்றால், முற்றுரிமையின் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதை ஏற்கலாம்.

தரத்திலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 50% மதிப்பு வரியில், தரத்தைக் கூட்ட ஒரு ரூபாய் செலவழிக்கும் கம்பெனி அதை மீட்க விலையில் 2 ரூபாய் ஏற்ற வேண்டும். ஆகவே தரம் இறங்கும் பக்கம் சாயும். சிகரெட்டில் அதைப் பற்றி யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை; மருந்து, சிமென்ட் என்றால் யோசிக்க வேண்டும். அலகு வரியில் ஓர் அலகுக்குள் முடிந்ததைத் திணிப்பதே லாபம். சிகரெட்டின் நீளத்தை வைத்து வரிப் படிகள் வைக்க நேர்ந்ததே அதனால்தான். இலங்கையில் 60, 67, 72, 84 மில்லிமீட்டர் என்று படிகள் உண்டு. படி வைத்தால் அடுத்த விளையாட்டு, வரம்புக்கு ஒரு நூல் கீழே நிற்பது: இந்தியாவில் 65 மில்லிமீட்டர் வரம்புக்குக் கீழே 64 மில்லிமீட்டர் சிகரெட் தனிச் சந்தையாகவே வளர்ந்தது.

எதைத் தேர்வது, எப்படி மாற்றுவது

ஒரே நிறுவனம், நம்பத்தக்க சில்லறை விலை, வருவாய் முதல் நோக்கம் என்றால் மதிப்பு வரியே. அதை அச்சிட்ட விலையின்மீது போட்டு, கீழே ஒரு குறைந்தபட்ச அலகு வரியைத் தாங்கலாக வைப்பதுதான் என் தேர்வு. இரண்டில் எது அதிகமோ அது வசூலாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் சிகரெட்டுக்கு இரண்டையும் கலக்கச் சொல்கின்றன: மொத்த வரிச்சுமையில் அலகுப் பகுதி 7.5%க்குக் குறையாமலும் 76.5%ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ஆயிரம் சிகரெட்டுக்குப் பொதுவாகக் குறைந்தது 90 யூரோ கலால் வரி. பிரிட்டன் 2017இல் குறைந்தபட்ச வரியைத் தனியாகச் சேர்த்தது.

நம் எண்களில் 50% வரியோடு 20 ரூபாய் தாங்கல் வைத்தால், அது விலை 40க்குக் கீழே போகும்போதுதான் வேலை செய்யும். 70 ரூபாய் பாக்கெட்டில் 35 வரியே நிற்கும். தாங்கலை 35க்கு வைத்துவிட்டால் 70 வரையிலான எல்லா விலைக்கும் அது அலகு வரியாகிவிடும். மதிப்பு வரி பெயரளவில் மிஞ்சும். வழக்கமான வரியில் பாதி, அறுபது சதவீதம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாற்றும்போது விகிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை ஏறாமல் மாற்ற வேண்டுமென்றால் சூத்திரம் சின்னது:

```
τ = t / (c + t)
```

20/(20 + 20) = 50%. இதில் தவறு நடப்பது c என்ற எண்ணில். அது சராசரிச் செலவு அல்ல. புகையிலை, தாள், வடிகட்டி, அட்டை, ஒரு பாக்கெட்டோடு கூடக்கூடக் கூடும் மின்சாரம், கூலி மட்டும். இயந்திரத் தேய்மானம், தலைமை அலுவலகச் செலவு, விளம்பரம் எல்லாம் வெளியே. கம்பெனி தரும் செலவறிக்கையில் இவை எல்லாம் கலந்தே வரும். கம்பெனிக்கும் c பெரிதாகத் தெரிவது வசதி: c 30 என்று நம்பவைத்தால் விகிதம் 40%ஆக முடிந்துவிடும்.

மாற்றிய பிறகு விலையே அந்த எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்கும். 50% போட்டபின் விலை 70இலேயே நின்றால் c சரி. விலை 66.67ஆக இறங்கினால், உண்மையான c/(1 − τ) 33.33; அதாவது c 16.67தான், மிகைப்படுத்திக் கணக்கிட்டிருக்கிறோம். விலை 70ஐத் தாண்டினால் c நாம் நினைத்ததைவிட அதிகம். விலை 70இலேயே நின்று வருவாய் மட்டும் 1050க்குப் பதில் 600ஐ ஒட்டி வந்தால், c-யை விட்டுவிட்டுப் பட்டியல் விலையைத் தேட வேண்டும்.